சீசன் சரக்குக்கு விற்பனை பட்ஜெட் போடுவது: எண்ணிக்கை, கைக்கு வரும் விலை, மாதம்

டேபிள் ஃபேன் செய்யும் ஒரு சிறு தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். அடுத்த ஆண்டு 10,500 ஃபேன் விற்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். விலைப்பட்டியலில் ஒரு ஃபேன் 1,000. டீலருக்கு 20 சதவீதத் தள்ளுபடி போக 800. ஆண்டின் நடுவில் விலையை 5 சதவீதம் ஏற்றப் போகிறார்கள், அதனால் சராசரி விலையை 820 என்று வைத்துக்கொள்கிறார்கள். 10,500-ஐ 820-ஆல் பெருக்கினால் 86,10,000. இதுதான் விற்பனை வருவாய் பட்ஜெட், பன்னிரண்டால் வகுத்தால் மாத இலக்கு என்று கணக்கை முடித்துவிடுகிறார்கள்.

இதே எண்ணிக்கையையும் இதே விலையையும் வைத்து முறையாகக் கணக்குப் போட்டால் 82,14,595 தான் வருகிறது. வித்தியாசம் ஏறக்குறைய 4 லட்சம். இத்தனைக்கும் விற்பனை குறையும் என்று யாரும் சொல்லவில்லை, 10,500 ஃபேனும் விற்றுவிடும் என்றே வைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த 4 லட்சம் எங்கே போனது என்பதைப் பார்த்தாலே பட்ஜெட் போடும் முறை விளங்கிவிடும். தொகைகளை எந்த நாணயத்தில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், கணக்கு மாறாது.

பழைய விற்பனையைச் சுத்தம் செய்வது

குறைந்தது மூன்று ஆண்டு விற்பனை எண்ணிக்கை வேண்டும். பணமாக அல்ல, ஃபேன்களின் எண்ணிக்கையாக. பணத்தில் விலை ஏற்றமும் தள்ளுபடியும் கலந்திருப்பதால் சீசனின் உண்மையான வடிவம் தெரியாது. ஒவ்வொரு பொருள் வகைக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும். டேபிள் ஃபேனும் ஆண்டு முழுக்கச் சீராக விற்கும் எக்ஸாஸ்ட் ஃபேனும் ஒரே கூட்டுத்தொகையில் இருந்தால், இரண்டுக்குமே பொருந்தாத ஒரு சராசரி சீசன்தான் கிடைக்கும்.

நம் தொழிற்சாலையின் மூன்றாம் ஆண்டுக் கணக்கு இப்படி இருக்கிறது: முதல் காலாண்டில் 3,100, இரண்டாவதில் 3,800, மூன்றாவதில் 1,975, நான்காவதில் 1,025. மொத்தம் 9,900. இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டாம் காலாண்டில் மோட்டார் வரத்து தடைப்பட்டதால் 600 ஃபேனுக்கான ஆர்டர்கள் ரத்தாகியிருக்கின்றன. விற்றது 3,800, ஆனால் கேட்டது 4,400. மூன்றாம் காலாண்டில் ஒரு விடுதிக் கட்டடத்துக்காக 500 ஃபேன் மொத்தமாகப் போயிருக்கிறது. அந்த ஆர்டர் திரும்ப வராது. ஆக அந்தக் காலாண்டின் வழக்கமான விற்பனை 1,475.

இரண்டையும் திருத்தினால் ஆண்டு மொத்தம் 10,000. பழைய மொத்தத்துக்கும் இதற்கும் ஒரு சதவீதம்தான் வித்தியாசம். அதனால்தான் பலர் இந்தத் திருத்தத்தைச் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். ஆனால் மொத்தம் சரியாக இருந்தாலும் வடிவம் கெட்டுப்போய்விடும். திருத்தாத கணக்கில் மூன்றாம் காலாண்டு சராசரியின் 0.80 பங்கு விற்பதாகத் தெரியும், திருத்திய கணக்கில் அது 0.59. அடுத்த ஆண்டின் மந்தமான மாதங்களுக்கு நடக்காத இலக்கு வைப்பதும், சீசனில் சரக்கு இல்லாமல் நிற்பதும் இந்த ஒரு தவறிலிருந்தே தொடங்கும்.

ரத்தான ஆர்டர்களைத் தேடிப் பிடிப்பது கொஞ்சம் சிரமம்தான், ஏனென்றால் பில் போடாதது கணக்குப் புத்தகத்தில் இருக்காது. விற்பனைப் பிரிவின் ஆர்டர் நோட்டு, டீலர்கள் அனுப்பிய செய்திகள், டெலிவரி தேதி தள்ளிப்போன பட்டியல் ஆகியவற்றிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஒரே ஆர்டரை டீலர் இரண்டு முறை கேட்டிருந்தால் இரண்டாக எண்ணிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தட்டுப்பாடு வரும்போது டீலர்கள் தேவைக்கு மேலேயே கேட்டு வைப்பார்கள், அதையும் கழித்துத்தான் எண்ண வேண்டும்.

பருவக் குறியீடு

திருத்திய மூன்று ஆண்டு எண்ணிக்கை இது:

| | 1-ஆம் காலாண்டு | 2-ஆம் | 3-ஆம் | 4-ஆம் | மொத்தம் |
|---|---|---|---|---|---|
| முதல் ஆண்டு | 2,400 | 3,600 | 1,200 | 800 | 8,000 |
| இரண்டாம் ஆண்டு | 2,880 | 3,870 | 1,395 | 855 | 9,000 |
| மூன்றாம் ஆண்டு | 3,100 | 4,400 | 1,475 | 1,025 | 10,000 |

ஒவ்வொரு ஆண்டுக்கும் அந்த ஆண்டின் காலாண்டுச் சராசரியைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு காலாண்டையும் அதனால் வகுக்க வேண்டும். முதல் ஆண்டின் சராசரி 2,000, எனவே விகிதங்கள் 1.20, 1.80, 0.60, 0.40. இரண்டாம் ஆண்டில் 1.28, 1.72, 0.62, 0.38. மூன்றாம் ஆண்டில் 1.24, 1.76, 0.59, 0.41. இந்த விகிதங்களின் சராசரிதான் பருவக் குறியீடு: 1.24, 1.76, 0.60, 0.40. நான்கையும் கூட்டினால் 4 வர வேண்டும். மாதக் கணக்கில் போட்டால் 12 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ பிழை இருக்கிறது, அல்லது சுருக்கியதில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

மூன்று ஆண்டின் எண்ணிக்கைகளை நேரடியாகக் கூட்டி வகுத்தாலும் கிட்டத்தட்ட இதேதான் வருமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் அதிகம் விற்ற ஆண்டின் சீசனுக்கே எடை கூடும். விற்பனை வேகமாக வளரும் இடத்தில் அந்த ஓர் ஆண்டின் வெயிலே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடும். விகிதத்தின் சராசரியில் மூன்று ஆண்டுக்கும் சம எடை.

இந்த எளிய முறைக்கும் ஓர் எல்லை உண்டு. ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் வளரும் விற்பனையில், ஆண்டின் பிற்பகுதி வளர்ச்சியாலும் கொஞ்சம் உயர்ந்திருக்கும். அதையும் சீசன் என்றே இந்தக் குறியீடு எண்ணிக்கொள்ளும். அடுத்த ஆண்டும் அதே வேகத்தில் வளரும் என்றால் பாதகமில்லை. வளர்ச்சி நின்றுவிடும் என்று தெரிந்தால், ஒவ்வொரு காலாண்டையும் சுற்றியுள்ள ஓராண்டின் சராசரியை, அதாவது நகரும் சராசரியை, வகு எண்ணாகப் போட்டு வளர்ச்சியைப் பிரித்தெடுத்துவிட வேண்டும்.

யாருடைய சீசனை எடுப்பது என்பதிலும் தெளிவு வேண்டும். கடையில் ஃபேன் விற்கும் மாதமும் தொழிற்சாலையிலிருந்து ஃபேன் கிளம்பும் மாதமும் ஒன்றல்ல. வெயில் தொடங்குவதற்கு முன்பே டீலர்கள் சரக்கு ஏற்றிக்கொள்வார்கள். உற்பத்தியாளரின் பட்ஜெட்டுக்குத் தன் சொந்த பில் தேதிகள்தான் அடிப்படை. ஆண்டுதோறும் தேதி மாறும் பண்டிகைகள் விற்பனையைத் தூண்டும் பொருளாக இருந்தால், மாதத்தை வைத்துப் பார்க்காமல் பண்டிகைக்கு எத்தனை வாரம் முன்பு என்று பார்த்து ஒப்பிட வேண்டும்.

எண்ணிக்கையை அடியிலிருந்து கட்டுவது

"போன ஆண்டு 10,000, இந்த ஆண்டு 5 சதவீதம் கூட்டு" என்றாலும் 10,500 வரும். ஆனால் அந்த 500 யார் வாங்கப் போகிறார்கள் என்று அதில் தெரியாது. டீலர் வாரியாகப் பார்த்தால் தெரியும். வழக்கமாக 500 வாங்கும் ஒருவர் கடையை மூடுகிறார், மிச்சம் 9,500. மற்ற பழைய டீலர்கள் எல்லாரும் சேர்ந்து 400 கூட்டி வாங்குவார்கள் என்று பேசியதில் தெரிகிறது, ஆக 9,900. புதிதாகச் சேரும் டீலர்களிடம் 600. கூட்டினால் அதே 10,500.

இரண்டும் ஒரே எண்ணாக இருந்தாலும் மாதங்களில் விழும் விதம் வேறு. பருவக் குறியீடு பழைய டீலர்களின் பழக்கத்திலிருந்து வந்தது, அதனால் 9,900-க்கு மட்டும்தான் அது பொருந்தும். காலாண்டுச் சராசரி 2,475. அதைக் குறியீடுகளால் பெருக்கினால் 3,069, 4,356, 1,485, 990. புதியவர்கள் இரண்டாம் காலாண்டில்தான் தொடங்குகிறார்கள். முதல் முறை கடையை நிரப்ப 450, பிறகு 100, 50. அவர்களையும் குறியீட்டில் போட்டுப் பரப்பினால், இன்னும் கணக்கே தொடங்காத டீலர்களிடம் முதல் காலாண்டில் 186 ஃபேன் விற்றதாகிவிடும்.

இறுதி எண்ணிக்கை: 3,069, 4,806, 1,585, 1,040.

இங்கே ஒன்றைச் செய்தே ஆக வேண்டும். டீலர்களின் கிடங்கில் போன சீசனின் மிச்சச் சரக்கு எவ்வளவு இருக்கிறது என்று கேட்டு எழுதுங்கள். போன ஆண்டு வெயில் குறைவாக இருந்திருந்தால், நம் புத்தகத்தில் விற்றதாக இருக்கும் ஃபேன்கள் அங்கே அட்டைப்பெட்டியோடு அடுக்கியிருக்கும். அது தீரும்வரை முதல் காலாண்டு ஆர்டர் வராது. அந்த எண்ணிக்கையை முதல் காலாண்டிலிருந்து நேரடியாகக் கழிக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் மிச்சம் எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

கைக்கு வரும் விலை

விற்பனை வரி அரசாங்கத்துக்குப் போகும் பணம், அது வருவாயில் சேராது. வரி இல்லாத விலைப்பட்டியலிலிருந்து தொடங்கி, பில்லில் கழிவதையும், பில் போட்ட பிறகு டீலருக்குக் கழித்துக் கொடுக்கும் கிரெடிட் நோட்டில் கழிவதையும் எடுத்துவிட்டு மிஞ்சுவதே பட்ஜெட்டுக்கான விலை. பில்லில் கழிவதை யாரும் மறக்க மாட்டார்கள். கிரெடிட் நோட் மூன்று மாதம் கழித்து வருவதால் அதுதான் விட்டுப்போகும்.

நம் தொழிற்சாலையில் டீலர் விலை 800. முதல் காலாண்டில் சரக்கை எடுப்பவர்களுக்கு 5 சதவீத முன்பதிவுத் தள்ளுபடி உண்டு, ஆக 760. ரிட்டர்ன் வருவது சராசரியாக 2 சதவீதம். அதைக் கழித்தால் முதல் காலாண்டில் 744.80, இரண்டாவதில் 784. மூன்றாம் காலாண்டின் முதல் நாள் விலை 5 சதவீதம் ஏறுகிறது, டீலர் விலை 840, ரிட்டர்ன் போக 823.20.

இப்போது பெருக்கலாம். முதல் காலாண்டு 22,85,791. இரண்டாவது 37,67,904. மூன்றாவது 13,04,772. நான்காவது 8,56,128. மொத்தம் 82,14,595.

தொடக்கத்தில் சொன்ன 86,10,000-லிருந்து இது 3,95,405 குறைவு. ரிட்டர்னை மறந்ததில் 1,67,645. முன்பதிவுத் தள்ளுபடியை மறந்ததில் 1,22,760. மீதி 1,05,000 போன விதம் சுவையானது. ஆண்டின் நடுவில் 5 சதவீதம் ஏற்றினால் ஆண்டுச் சராசரி 2.5 சதவீதம் ஏறும் என்று நினைத்துத்தான் 820 போட்டார்கள். ஆனால் விலை ஏறிய பிறகு விற்பது 10,500-இல் 2,625 மட்டுமே, அதாவது கால் பங்கு. உண்மையில் கிடைக்கும் ஏற்றம் 1.25 சதவீதம்தான். இதே விலை ஏற்றத்தை இரண்டாம் காலாண்டுக்கு முன் செய்திருந்தால் அது ஆண்டின் 71 சதவீத ஃபேன்களைத் தொட்டிருக்கும். விலை ஏற்றத்தின் அளவை விட அதன் தேதிக்கு இங்கே அதிக மதிப்பு.

விலை ஏறப்போவது முன்கூட்டியே தெரிந்தால் டீலர்கள் பழைய விலைக்கே வாங்கி வைத்துக்கொள்வார்கள். 300 ஃபேன் அப்படி மூன்றாம் காலாண்டிலிருந்து இரண்டாவதுக்கு நகர்ந்தால் வருவாயில் இழப்பு 11,760 மட்டுமே. ஆனால் ஏற்கெனவே திணறும் இரண்டாம் காலாண்டில் இன்னும் 300 செய்தாக வேண்டும். விலை ஏற்ற அறிவிப்பு எப்போது போகும் என்பதையும் பட்ஜெட்டில் குறித்து வையுங்கள்.

வருவாய் எந்த மாதத்தில் விழும் என்பதற்குச் சரக்கு வாங்குபவரின் பொறுப்புக்கு மாறும் நாளே கணக்கு. பணம் வசூலாகும் நாள் வேறொரு பட்ஜெட்டுக்கு உரியது. விற்றால் பணம், விற்காவிட்டால் திருப்பிக்கொள்ளலாம் என்ற பேச்சில் அனுப்பிய சரக்கை அனுப்பிய மாதத்து வருவாயாக எழுதக் கூடாது.

இந்த எண்ணிக்கையைச் செய்து தர முடியுமா

தொழிற்சாலை மாதத்துக்கு 1,200 ஃபேன் செய்யும், காலாண்டுக்கு 3,600. முதல் காலாண்டில் 3,069 போக 531 மிஞ்சும். இரண்டாவதில் 4,806 வேண்டும், 1,206 குறையும். மிஞ்சியதைக் கழித்தால் பற்றாக்குறை 675. ஆண்டின் முதல் நாள் கிடங்கில் 675 ஃபேன் இருந்தால் போதும் என்று காலாண்டுக் கணக்கு சொல்கிறது.

மாதக் கணக்கு வேறு சொல்கிறது. முதல் காலாண்டின் விற்பனை மூன்று மாதங்களில் 20, 30, 50 சதவீதமாகவும், இரண்டாவது 45, 35, 20 சதவீதமாகவும் பிரிகிறது. நான்காம் மாதம் 2,163, ஐந்தாம் மாதம் 1,682 கேட்கிறது. ஐந்தாம் மாத இறுதிவரை சேர்த்துப் பார்த்தால் விற்க வேண்டியது 6,914, செய்ய முடிவது 6,000. பற்றாக்குறை 914. ஆறாம் மாதத்தில் விற்பனை 961-ஆக இறங்குவதால், காலாண்டு இறுதியில் பார்க்கும்போது அது 675-ஆகச் சுருங்கித் தெரிகிறது. சீசன் பொருளுக்கு மாதவாரியாகச் சேர்த்துக்கொண்டே வந்து, எந்த மாத இறுதியில் பள்ளம் அதிகம் என்று பார்ப்பதுதான் சரியான சோதனை.

அந்த 914 ஃபேன் முன்கூட்டியே இல்லாவிட்டால், காத்திருக்காத டீலர்களிடம் இழப்பது 784 விலையில் 7,16,576. அதைச் செய்து வைக்கக்கூடிய நேரம் முந்தைய ஆண்டின் கடைசிக் காலாண்டு, அப்போதுதான் இயந்திரங்கள் சும்மா இருக்கும். ஆகவே ஆண்டு முடியும் மாதத்தில் பட்ஜெட் போட உட்கார்ந்தால் காலம் கடந்துவிட்டது. மோட்டாருக்கு ஆர்டர் கொடுக்கும் தேதிக்கு முன்னால் பட்ஜெட் தயாராக வேண்டும். கிடங்கில் இடமோ முன்கூட்டிச் செய்யப் பணமோ இல்லையென்றால், 914-ஐ விற்பனையிலிருந்தே கழித்துச் சிறிய பட்ஜெட் போடுவதுதான் நேர்மையான வழி.

முதல் காலாண்டு முடிந்ததும்

முதல் காலாண்டில் 2,900 ஃபேன் போயிருக்கிறது, வருவாய் 21,17,000 என்று வைத்துக்கொள்வோம். நான்கால் பெருக்கினால் ஆண்டுக்கு 11,600 ஆகும் என்று யாராவது மகிழ்ந்துவிடக் கூடும். குறியீட்டின்படி முதல் காலாண்டு ஆண்டின் 31 சதவீதம். 2,900-ஐ 0.31-ஆல் வகுத்தால் பழைய டீலர்களின் ஆண்டு மொத்தம் சுமார் 9,355, பட்ஜெட்டோ 9,900.

இது உண்மையான சரிவா, அல்லது சீசன் கொஞ்சம் பிந்துகிறதா? மூன்று ஆண்டிலும் முதல் காலாண்டின் பங்கு 30-லிருந்து 32 சதவீதம் வரை மாறியிருக்கிறது. சீசன் பிந்திய ஆண்டு என்று எடுத்துக்கொண்டு 0.30-ஆல் வகுத்தாலும் 9,667 தான் வருகிறது. பழைய ஆண்டுகளில் பார்த்த எந்த வடிவமும் 9,900-க்குக் கொண்டுபோகவில்லை. மூன்று ஆண்டுதான் ஆதாரம் என்பதால் இதை முடிந்த முடிவாக எடுக்காமல், கையிலிருக்கும் ஆர்டர்களையும் டீலர்களின் மிச்சச் சரக்கையும் உடனே கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.

வருவாயில் குறைந்த 1,68,791-ஐயும் இரண்டாகப் பிரிக்க வேண்டும். 169 ஃபேன் குறைவாகப் போனதை பட்ஜெட் விலை 744.80-ஆல் பெருக்கினால் 1,25,871. மீதி 42,920 விலையில் போனது: சராசரியாகக் கிடைத்தது 730, ஒவ்வொரு ஃபேனிலும் 14.80 குறைவு. முன்பதிவுத் தள்ளுபடி 5 சதவீதத்தோடு நிற்காமல் யாரோ அதற்கு மேலும் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள், அல்லது ரிட்டர்ன் கூடியிருக்கிறது. பில்களில் உள்ள தள்ளுபடியையும் கிரெடிட் நோட்டுகளையும் தனித்தனியாகக் கூட்டினால் எது என்று ஒரே நாளில் தெரிந்துவிடும். தள்ளுபடிதான் காரணம் என்றால் இன்னொரு கேள்வியும் எழுகிறது. அதிகத் தள்ளுபடி கொடுத்தும் 2,900 தான் போயிருக்கிறது என்பதால், அதில் ஒரு பகுதி இரண்டாம் காலாண்டு விற்பனை முன்னால் வந்ததாக இருக்கலாம். அப்படியானால் நான்காம் மாதத்துக்கான 2,163-ஐ, அடுத்த மோட்டார் ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே குறைத்துத் திருத்த வேண்டும்.